இடியாப்பம் வேகாத இரவு: தம்பதி சண்டையில் எப்போது சிரிக்க வைக்கலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும்

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. தங்கை குடும்பம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது ஈடு இடியாப்பம் பாதி வெந்துகொண்டிருந்தபோது அடுப்பு ஒருமுறை துடித்து அணைந்தது. மாற்று சிலிண்டரும் காலி. பதிவு செய்யுங்கள் என்று மனைவி நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நான்கு நாளாக "நாளை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் கூடத்துக்கு வந்து, "நாலு நாளாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே" என்றாள். நான் தங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "காஸ் எதற்கு? உன் கோபத்தின்மேல் தட்டை வைத்தால் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்."

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்து மூடி, பக்கத்து வீட்டுக்குப் போய் மீதியை வேகவைத்துக்கொண்டு வந்தாள். பரிமாறினாள். அடுத்த மூன்று நாட்கள் எனக்குக் கிடைத்த பதில் எல்லாம் "ம்" மட்டும்தான்.

அந்த நகைச்சுவை ஒன்றும் மோசமானதில்லை என்று நான் இன்றும் சொல்வேன். தங்கை அதை இப்போதும் நினைவுபடுத்திச் சிரிக்கிறாள். ஆனால் எந்த நேரத்தில், யாரை நோக்கி, யார் முன்னால் சொன்னேன் என்ற மூன்றிலும் தவறிவிட்டேன். அந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: நாடியைப் பாருங்கள்

நாடி என்று உவமையாகச் சொல்லவில்லை, மணிக்கட்டில் துடிப்பதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து தம்பதிகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசவிட்டு, இதயத் துடிப்பை அளந்துகொண்டே கவனித்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக ஏறுவதில்லை என்று அவர் எழுதுகிறார். உடம்பு அப்போது தப்பி ஓடவோ திருப்பித் தாக்கவோ தயாராகிவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு வேடிக்கையும் தாக்குதலாகவே கேட்கும்.

அவருடைய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தம்பதிகள் கால் மணி நேரம் வாதாடிய பிறகு, கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, அரை மணி நேரம் இந்த விஷயத்தைப் பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி பேச உட்கார்ந்தபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் தன்மையாக இருந்தது. யாரும் அவர்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பத்திரிகை மட்டும்தான் கொடுத்தார்கள்.

வீட்டில் கருவி இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25 வந்துவிட்டால் நீங்கள் நூறில் இருக்கிறீர்கள். துணையின் கையைப் பிடித்து எண்ண முடியாது, எண்ணப் போனால் அதுவே இன்னொரு சண்டை. அவருடைய பேச்சைக் கவனிக்க வேண்டும். ஒரே வாக்கியம் மூன்றாவது முறையாக வருகிறதா? நீங்கள் முடிக்கும் முன்பே பதில் தொடங்கிவிடுகிறதா? "இந்தத் தடவை" என்ற சொல் போய், "எப்போதுமே", "ஒருநாளாவது" என்ற சொற்கள் வந்துவிட்டனவா? வந்துவிட்டால் நகைச்சுவையின் நேரம் கடந்துவிட்டது. கத்துபவர் மட்டும்தான் கொதிக்கிறார் என்றும் எண்ண வேண்டாம். சுவரைப் பார்த்தபடி பேசாமல் நிற்பவரின் இதயமும் பல நேரம் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கேள்வி உண்டு: "எத்தனை விசில்?" குக்கர் கணக்கு. ஒரு விசில் என்றால் பேசலாம், வேடிக்கையும் செல்லும். இரண்டு என்றால் பேசலாம், வேடிக்கை வேண்டாம். மூன்று என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஆவி அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போகலாம், துணி மடிக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்கக் கூடாது, பார்த்தால் துடிப்பு இறங்காது. போகும்போது "ஒன்பது மணிக்கு வருகிறேன், பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால் அது ஓய்வாகத் தெரியாது, உதாசீனமாகத்தான் தெரியும்.

அந்த இரவு மனைவி எத்தனை விசிலில் இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவே வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் வியர்வை, கூடத்தில் விருந்தினர், பாதி வெந்த மாவு. இதெல்லாம் சேர்ந்தால் எவருக்கும் மூன்றுதான்.

இரண்டாவது படி: சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

சிலிண்டரைப் பற்றி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவள் சொன்னது வேறு: "பதிவு செய்வது உங்கள் வேலை. அதை ஞாபகப்படுத்துவது என் வேலையா? இந்த வீட்டில் எல்லாரின் ஞாபகமும் என் தலையிலேயே இருக்கிறது."

அணைந்த அடுப்பைப் பற்றி மட்டும்தான் சண்டை என்றால் ஒரு வேடிக்கையோடு முடித்துவிடலாம். காரியம் சிறியது, அன்றோடு போய்விடும். அதன் அடியில், தன்னை யாரும் மதிப்பதில்லை, தன் சொல் ஏறுவதில்லை என்ற வருத்தம் இருந்தால் வேடிக்கை அந்த வருத்தத்தின்மேல் போய்த்தான் விழும். அவள் "கவனியுங்கள்" என்கிறாள், நான் "இது சிரிக்கிற விஷயம்" என்று பதில் சொல்கிறேன்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கோபம் காரியத்தைவிடப் பெரிதாக இருந்தால் அடியில் வேறொன்று இருக்கிறது. "சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கத் தோன்றும் கணம்தான் அடையாளம். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். "இதில் உனக்கு எது அதிகமாக உறுத்துகிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகைச்சுவை உறையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது படி: யாரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறீர்கள்?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கை இன்றைய சமையலறைக்குக் கொண்டுவந்தால் இப்படிப் பிரிப்பேன். எள்ளல் சண்டையின்போது விஷம். மற்ற மூன்றும், சிறுபிள்ளைத்தனமும் அறியாமையும் அசட்டுத்தனமும், உங்களுடையதாக இருந்தால் மருந்து. துணையுடையதாக இருந்தால் அவையும் எள்ளலாகவே மாறிவிடும்.

கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவருடன் பணியாற்றியவர்களும் நகைச்சுவையைக் கிட்டத்தட்ட இதே போலப் பிரித்தார்கள். உறவை நெருக்கமாக்குவது ஒரு வகை, அடுத்தவரை மட்டம் தட்டுவது இன்னொரு வகை. காதலர்களைத் தங்களுக்குள் உள்ள ஒரு பூசலைப் பேசவைத்துப் பதிவுசெய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நெருக்கமாக்கும் வகையைக் கையாண்டவர்களின் துணைகள் பேச்சு முடிந்தபின் நெருக்கமாகவும் மனக்கவலை குறைந்தும் இருந்தார்கள். மட்டம் தட்டியவர்களின் துணைகளுக்கு அந்த நிறைவு இல்லை. சிரிக்க வைப்பதில் யார் கெட்டிக்காரர் என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

மார்ட்டின் வகுத்த பிரிவில் இன்னொன்றும் உண்டு: தன்னையே அளவுக்கு மீறித் தாழ்த்திக்கொள்வது. "நான்தான் தண்டமாயிற்றே, என்னைக் கட்டிக்கொண்டது உன் தலையெழுத்து" என்ற பேச்சு. கேட்பதற்கு அடக்கம்போல் இருக்கும். ஆனால் கோபப்பட்ட துணையே இப்போது உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. குறை சொன்னவரை ஆறுதல் சொல்பவராக மாற்றிவிடும் தந்திரம் இது, பெரும்பாலும் தெரியாமலே செய்வது. நீங்கள் செய்த ஒரு செயலைக் கேலி செய்யுங்கள், உங்கள் பிறவியையே அல்ல.

என் சிலிண்டருக்கே வருவோம். நான் சொன்னது அவள் கோபத்தைக் குறிவைத்தது. அதாவது, நியாயமான ஒரு புகாரை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டது. சொல்லியிருக்கக்கூடியது இது: "தவறு என்னுடையதுதான். நான் சொன்ன 'நாளை' நான்கு முறை வந்து கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கும்." குறி என் "நாளை". முதலில் ஒப்புதல், பிறகு வேடிக்கை. இந்த வரிசையை மாற்றினால் பலிக்காது. ஒப்புக்கொள்ளாமல் செய்யும் வேடிக்கை நழுவுவதாகவே தெரியும்.

குறிவைக்கக் கூடாதவற்றில் உடல் தோற்றம், சம்பளம், சமையல், அழுகை எல்லாம் சொல்லாமலே தெரிந்தவை. நம் ஊரில் இன்னும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பிறந்த வீடு. "உங்கள் அம்மா வீட்டுப் பழக்கம்" என்று தொடங்கும் எந்த வாக்கியமும், எவ்வளவு இனிமையாக முடிந்தாலும், வேடிக்கையாகக் கேட்காது. அவரே தன் அம்மாவைக் கேலி செய்வது வேறு கதை. அப்போதும் நீங்கள் கூடச் சேர்ந்துகொள்ளாதீர்கள். புன்னகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: சொல்லும் விதம்

புதிய நகைச்சுவையைச் சண்டையில் அரங்கேற்றாதீர்கள். இருவருக்கும் ஏற்கெனவே சொந்தமான பழைய ஒன்றே போதும். எங்கேயோ வழி தவறிய பஸ் பயணம், குழந்தை சிறுவயதில் தப்பாகச் சொன்ன ஒரு சொல், எங்கள் "விசில்" மாதிரி ஒன்று. அது "நாம் ஒரே கட்சி" என்பதை நினைவூட்டுகிறது, சிரிப்பு வந்தால் உபரி.

குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். கூட யாரும் இருக்கக் கூடாது. மூன்றாம் ஆள் ஒருவர் சிரித்துவிட்டால் அது இருவர் வேடிக்கையாக இருக்காது, ஒருவரைச் சுற்றி நின்று சிரிப்பதாக ஆகிவிடும். சிரித்தவர் கணவனின் தங்கை என்றால், கேட்டுக்கொண்டிருந்த அண்ணிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

வாட்ஸ்அப்பில் சண்டை நடந்தால் வேடிக்கையே வேண்டாம். எழுத்துக்குக் குரல் இல்லை. சிரிக்கும் பொம்மை முகம் குரலுக்கு ஈடாகாது, கோபமாக இருப்பவருக்கு அது பல்லைக் காட்டுவதாகத் தெரியும்.

ஐந்தாவது படி: தும்மலைக் கவனிப்பது

திருக்குறளின் 132ஆம் அதிகாரம் புலவி நுணுக்கம். அதில் தலைவி ஊடிக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். தலைவன் தும்முகிறான். தும்மினால் "நீடு வாழ்க" என்று வாழ்த்துவது வழக்கம். வாழ்த்துவதற்காகவாவது அவள் வாய் திறப்பாள் என்ற கணக்கு அது. சண்டையைத் தணிக்கத் தமிழில் பதிவான அழகான சிறு குறும்பு அதுதான் என்பேன். குறி அவன் மூக்குதான், அவள் அல்ல. சொல்லே இல்லை.

அதே அதிகாரத்தில் சில குறள்கள் தள்ளி மறுபடியும் ஒரு தும்மல். அவளும் வாழ்த்துகிறாள். உடனே அதை அழித்துவிட்டு, "யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்?" என்று கேட்டு அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். "உங்களவர் உங்களை நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா?" என்று அதற்கும் அழுகை.

ஒரே தும்மல்தான், ஒருமுறை வாய் திறக்க வைக்கும் தந்திரம், இன்னொருமுறை அழ வைக்கும் காரணம். அவள் மனத்தில் ஐயம் இருக்கும்போது எந்தக் குறும்பும் அந்த ஐயத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. காட்மனும் இதையே வேறு வழியில் சொல்கிறார். சண்டையின் நடுவே செய்யும் சமாதான முயற்சி எவ்வளவு திறமையானது என்பதைவிட, அந்த உறவில் ஏற்கெனவே எவ்வளவு நட்பு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது பலிக்கிறது என்பது அவர் முடிவு.

ஆகவே சொன்ன பிறகு முகத்தைப் பாருங்கள். தோள் இறங்குகிறதா, மூச்சு நீளமாக வெளியே போகிறதா, சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்கிறாரா? பலித்தது. "இப்போது சிரிக்க வைக்காதீர்கள்" என்ற அதட்டலும் பாதி வெற்றிதான். உதடு இறுகினால், கண்கள் உங்களை விட்டு வேறு பக்கம் போனால், வாய் மட்டும் சிரித்துக் கண் சிரிக்காமல் இருந்தால் பலிக்கவில்லை. இரண்டாவது வேடிக்கையால் முதலாவதைக் காப்பாற்ற முயல வேண்டாம். வேடிக்கையாளர்கள் எல்லாருக்கும் உள்ள பெரிய நோய் அது, எனக்கும் உண்டு.

ஆறாவது படி: தவறிப் போனால்

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்." "உனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது." இந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். முதலாவது காயத்தை மறுக்கிறது. இரண்டாவது காயம் பட்டவரையே குற்றவாளி ஆக்குகிறது.

என்ன செய்தோம் என்பதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வதுதான் வழி. நான்காம் நாள் நான் சொன்னது: "நீ சொன்னது சரியான விஷயம். அதற்குப் பதில் சொல்லாமல் உன் கோபத்தைக் கேலி செய்துவிட்டேன். அதுவும் தங்கை முன்னால்." அவள், "இப்போதாவது தெரிந்ததே" என்றாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பலர் முன் செய்த தவற்றைத் தனியறையில் மட்டும் தீர்க்க முடியாது. அடுத்த ஞாயிறு தங்கையிடம் தொலைபேசியில் பேசும்போது, மனைவியும் கேட்கும்படி, "அன்றைக்குத் தவறு முழுக்க என்னுடையது, அண்ணியைக் கேலி செய்திருக்கக் கூடாது" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் "ம்" கேட்டதைவிட எளிது.

வேடிக்கையே கூடாத இடங்கள்

ஏமாற்றியது வெளிவந்த நாள், கடனை மறைத்தது தெரிந்த நாள், வீட்டில் இழவு விழுந்த நாட்கள், மருத்துவர் கெட்ட செய்தி சொன்ன நாள். இவற்றில் வேடிக்கையைத் துணை தொடங்கினால் கூடச் சிரிக்கலாம், நீங்கள் தொடங்க வேண்டாம்.

சண்டையில் துணையின் குரலைப் பின்பற்றிப் பேசிக் காட்டுவது, கண்ணை மேலே உருட்டிச் சிரிப்பது ஆகியவை தனி வகை. இகழ்ச்சி என்று இதைத்தான் காட்மன் சொல்கிறார், மணமுறிவைத் தெரிவிக்கும் அறிகுறிகளில் மிக வலிமையானது இதுவே என்கிறார். வீட்டில் இது வழக்கமாகிவிட்டிருந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் உதவாது. முதலில் இதை நிறுத்த வேண்டும். தேவைப்பட்டால் தம்பதி ஆலோசகரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. துணை கோபப்பட்டால் அடி விழுமோ என்ற பயத்தில் ஒருவர் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது கலகலப்பான வீடாகத் தெரியும். அங்கே நகைச்சுவையைத் திறமையாகக் கையாளுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பது தவறு. பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழைப்பதுதான் அங்கே செய்ய வேண்டியது.

கடைசிப் படி: சிரித்த பிறகு விஷயத்துக்குத் திரும்புங்கள்

சிரிப்பு வந்ததும் "அப்பாடா" என்று எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். சிரிப்பு திறந்துவிட்ட ஐந்து நிமிடம் அது. இருவர் துடிப்பும் இறங்கியிருக்கிறது, இருவருக்கும் காது கேட்கிறது. "சரி, இனி என்ன செய்யலாம்?" என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். ஒரே விஷயத்துக்கு மூன்று முறை சிரித்து, நான்காவது முறையும் அதே சண்டை வந்தால், வேடிக்கை சமாதானம் செய்யவில்லை, தள்ளிப்போட உதவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் ஐந்தாம் நாள் உட்கார்ந்து பேசினோம். ஒரு சிலிண்டர் தீர்ந்து மாற்றிய அன்றே அடுத்ததைப் பதிவு செய்துவிடுவது என்று முடிவாயிற்று. நினைவூட்டும் பொறுப்பு அவளிடமிருந்து என் தொலைபேசிக்கு மாறியது. சிலிண்டரோடு பால் கணக்கு, மின் கட்டணம், பையனின் பள்ளிக் கட்டணம் மூன்றும் என் பக்கம் வந்தன. தொலைபேசியில் நினைவூட்டலை அமைக்கும்போது அதற்கு ஒரு பெயர் கேட்டது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, "நாளை" என்று தட்டச்சு செய்து திருப்பிக் கொடுத்தாள்.